தடை போட்டவர் போய்விட்டார், தடை இருக்கிறது

வட அமெரிக்காவில் இணைய முகவரிகளைப் பங்கிட்டுத் தரும் அமைப்பின் பெயர் ஆரின். 2002 ஆகஸ்டில் அதன் கைக்கு 69 என்ற எண்ணில் தொடங்கும் முகவரிகள் மொத்தமாக வந்து சேர்ந்தன. சுமார் 1 கோடியே 67 லட்சம் முகவரிகள். அதுவரை உலகில் யாரும் தொடாத புத்தம் புதிய எண்கள். இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் அவற்றை வாங்கித் தங்கள் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தன. கொடுத்த கையோடு புகார்கள் வரத் தொடங்கின. சில தளங்கள் திறக்கவே மாட்டேன் என்கின்றன, சில இடங்களுக்கு மெயில் போகவில்லை, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது.

கம்பியில் பழுதில்லை. சாதனத்திலும் பழுதில்லை. அந்த எண்களை உலகம் முழுக்கப் பலர் முன்கூட்டியே தடை செய்து வைத்திருந்தார்கள் என்பதுதான் விஷயம்.

ஏன் தடை செய்தார்கள் என்று பார்த்தால், செய்தவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. இணையத்தில் எந்தக் கணினியும் தரவை அனுப்பும்போது, 69.1.2.3 போன்ற நான்கு எண்கள் கொண்ட ஐ.பி. முகவரியை அனுப்புநர் என்று எழுதித்தான் அனுப்புகிறது. தாக்குதல் நடத்துபவர்கள் இதைப் பொய்யாக எழுதுவார்கள். அப்போது இன்னும் யாருக்குமே ஒதுக்கப்படாத எண்கள் ஏராளமாக இருந்தன. ஒதுக்காத எண்ணிலிருந்து ஒரு தரவு வந்தால் அது பொய் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ஆகவே அப்படிப்பட்ட எண்களின் பட்டியலைத் தயாரித்து ரூட்டரில் தடையாகப் போடுங்கள் என்று பாதுகாப்பு வல்லுநர்கள் சொன்னார்கள். ‘போகான் பட்டியல்’ என்று துறைக்காரர்கள் அதை அழைத்தார்கள். நல்ல யோசனை, நன்றாகவே வேலை செய்தது.

ஒதுக்காத எண் ஒருநாள் ஒதுக்கப்படும் என்பதைத்தான் பலர் மறந்தார்கள். பட்டியலை வெளியிட்டவர்கள் அதைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். அதை நகலெடுத்து ரூட்டரில் ஒட்டியவர்கள் பலர் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. ஒட்டியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். அவர் இடத்துக்கு வந்தவருக்கு அப்படி ஒரு பட்டியல் உள்ளே இருப்பதே தெரியாது. பாதிக்கப்பட்டதோ அவருடைய நிறுவனம் அல்ல, எங்கோ இருக்கும் முன்பின் தெரியாத ஒருவர்.

இதைக் கண்டுபிடித்த விதம் இன்றும் பின்பற்றத் தகுந்தது. அட்லான்டிக்.நெட் என்ற அமெரிக்க இணைய நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், ஒரே சர்வருக்குப் பழைய முகவரி ஒன்றும் 69இல் தொடங்கும் முகவரி ஒன்றும் கொடுத்தார். இரண்டிலிருந்தும் ஒரே இடத்துக்குச் சோதனைத் தரவை அனுப்பிப் பார்த்தார். பழைய முகவரிக்குப் பதில் வந்து, புதியதற்கு வரவில்லையென்றால் அங்கே யாரோ பழைய தடையை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். பிறகு அந்த ஆட்களைத் தேடிப் பிடித்து, தடையை எடுக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதுதான். வேறு வழியில்லை. அடுத்தவர் வீட்டு ரூட்டரில் நாம் கை வைக்க முடியாது.

இத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. 2010 ஜனவரியில் 1இல் தொடங்கும் முகவரிகள் ஆசிய பசிபிக் பகுதிக்கு ஒதுக்கப்பட்டன. 2018 ஏப்ரல் 1 அன்று கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 1.1.1.1 என்ற எண்ணில் ஒரு பொதுச் சேவையைத் தொடங்கியது. எட்டு ஆண்டு இடைவெளி இருந்தும் பல இடங்களில் அது வேலை செய்யவில்லை. சில ரூட்டர்கள் அந்த எண்ணைத் தடுத்தன. சில வைஃபை சாதனங்கள், யாருக்கும் சொந்தமில்லாத எண் என்ற தைரியத்தில் உள்வேலைக்கு அதையே எடுத்துப் புழங்கிக்கொண்டிருந்தன. இதற்கு நடுவில் 2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த கடைசி முகவரித் தொகுதிகளும் பங்கிடப்பட்டு முடிந்துவிட்டன. ‘இன்னும் ஒதுக்கப்படாத பெருந்தொகுதி’ என்ற வகையே அன்றோடு ஒழிந்தது. அந்தக் காரணத்துக்காகப் போட்ட தடை ஒன்று இன்றும் ஒரு ரூட்டரில் இருக்குமானால், அது உண்மையான ஆட்களை மட்டுமே தடுக்கிறது.

இதுவாவது எப்போதோ நடக்கும் ஒதுக்கீட்டால் வந்த சிக்கல். அன்றாடம் நடப்பது வேறு. வாடகை வீட்டில் முன்பு குடியிருந்தவர் ஊரெல்லாம் கடன் வாங்கிவிட்டுக் காலி செய்திருப்பார். புதிதாகக் குடிவந்தவர் வாசலில் வந்து கடன்காரர்கள் கதவைத் தட்டுவார்கள். ஐ.பி. முகவரியின் நிலையும் அதுதான். வாடகை சர்வர் தரும் நிறுவனத்தில் இன்று ஒருவர் ஒரு சர்வரை எடுத்து ஸ்பேம் அனுப்புகிறார், மாட்டிக்கொண்டு விட்டுவிட்டுப் போகிறார். அதே எண் சில மணி நேரத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்துக்கோ மருந்துக் கடைக்கோ போய்ச் சேரலாம். ஸ்பேம் அனுப்பியவரைத் தடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் தடை, இப்போது பள்ளிக்கூடத்தைத் தடுக்கிறது.

செல்போன் இணைப்பில் இன்னும் மோசம். முகவரிகள் பற்றாமல் போனதால், செல்போன் நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. அதில் ஒருவர் குறும்பு செய்தால் எண் தடைபடும், எல்லோரும் சேர்ந்து அவதிப்படுவார்கள். ஒரு நாடே இப்படி அகப்பட்டதுண்டு. 2007 புத்தாண்டு அன்று விக்கிப்பீடியாவில் தொல்லை கொடுத்த ஒரு முகவரியை அங்குள்ள நிர்வாகி ஒருவர் தடுத்தார். கத்தார் நாட்டின் இணையப் போக்குவரத்து ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரு முகவரி வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. விவரம் தெரிந்ததும் சில மணி நேரத்தில் தடை எடுக்கப்பட்டது. தனி ஐ.பி. முகவரிகளைக் காலவரையின்றித் தடுப்பது அநேகமாகக் கூடவே கூடாது என்பது விக்கிப்பீடியாவின் நடைமுறை. ஆளைத் தடுப்பது வேறு, முகவரியைத் தடுப்பது வேறு என்று தெரிந்தவர்கள் எழுதிய விதி அது.

பட்டியலே செத்துப்போகும் சங்கதியையும் சொல்ல வேண்டும். மெயில் சர்வர்கள் ஸ்பேம் அனுப்பும் முகவரிகளின் பட்டியலைத் தாங்களே வைத்திருப்பதில்லை. வெளியே ஒருவர் நடத்தும் பட்டியலை ஒவ்வொரு மெயிலுக்கும் கேட்டுப் பார்க்கும். ‘இந்த முகவரி உன்னிடம் இருக்கிறதா’ என்று கேட்கும். பதில் வந்தால் இருக்கிறது, வராவிட்டால் இல்லை. இப்படிப் பட்டியல் நடத்தியவர்களில் சிலர் ஒரு கட்டத்தில் கடையைக் கட்டினார்கள். ஓ.ஆர்.டி.பி. என்ற பட்டியல் 2006 டிசம்பரில் மூடப்பட்டது. மூடிய பிறகும் உலகெங்கிலும் சர்வர்கள் விடாமல் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தன. ஓராண்டுக்கும் மேல் கழித்து, 2008 மார்ச்சில், எந்த முகவரியைக் கேட்டாலும் ‘இருக்கிறது’ என்று அது பதில் சொல்லத் தொடங்கியது. அதை இன்னும் நம்பிக்கொண்டிருந்த சர்வர்கள் தங்களுக்கு வந்த மெயில் அனைத்தையும் திருப்பி அனுப்பின. முரட்டு வைத்தியம்தான். ஆனாலும் எனக்கென்னவோ அது நியாயம் என்றே படுகிறது. மூடிய கடை வாசலில் ஓராண்டுக்கு மேலாக நின்றவருக்கு வேறு எப்படிப் புரிய வைப்பது?

வெளிப் பட்டியல் ஒன்று உயிரோடு இருக்கிறதா, புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. ஒழுங்காக நடக்கும் பட்டியல் எதுவும் 127.0.0.2 என்ற சோதனை முகவரியை ‘இருக்கிறது’ என்றும், 127.0.0.1 என்பதை ‘இல்லை’ என்றும் சொல்ல வேண்டும் என்பது துறையின் விதி. கேட்கும்போது எண்களைத் திருப்பிப் போட்டுக் கேட்க வேண்டும்:

```
dig +short 2.0.0.127.zen.spamhaus.org
dig +short 1.0.0.127.zen.spamhaus.org
```

முதல் வரிக்கு 127.0.0 என்று தொடங்கும் விடை வர வேண்டும், இரண்டாவதற்கு ஒன்றும் வரக் கூடாது. இரண்டுக்கும் வராவிட்டால் பட்டியல் போய்விட்டது. இரண்டுக்கும் வந்தால் அது உலகத்தையே தடுத்துக்கொண்டிருக்கிறது. இதில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்பாம்ஹவுஸ் பட்டியலைக் கூகுள் போன்றவர்களின் பொது டி.என்.எஸ். வழியாகக் கேட்டால் 127.255.255.254 என்று ஒரு விடை வரும். ‘இப்படிக் கேட்காதே’ என்பதுதான் அதன் பொருள். விடை எதுவாக இருந்தாலும் தடை என்று எடுத்துக்கொள்ளும் சர்வர், அன்றைக்கு வரும் நல்ல மெயிலையெல்லாம் வாசலோடு அனுப்பிவிடும்.

இனி சொந்தப் பட்டியலுக்கு வருவோம். ஒரு பேச்சுக்குத் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு சர்வர், அதன்மேல் ஃபயர்வால், அதில் முந்நூறு தடைகள். ஜெர்மனியில் இருக்கும் வாடிக்கையாளர் தன் மெயிலை வேறு ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு மாற்றியிருக்கிறார். ஒரு வாரமாக அவருடைய மெயில் வரவில்லை. இங்கே இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. அவர் ஆர்டர் கொடுக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் அவரே போன் செய்கிறார்.

அட்மினாக இருக்கும் பெண் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை ஆண்டு. முந்நூறு தடைகளில் ஒன்றைக்கூட அவர் போடவில்லை. யார் போட்டது, எதற்குப் போட்டது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. தொட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் அவரும் தொடவில்லை. பழைய தடைகள் நிலைத்திருப்பதற்குப் பெரும்பாலும் இந்தப் பயம்தான் காரணம். இருப்பது பாதுகாப்பு, எடுப்பது ஆபத்து என்று தோன்றிவிடுகிறது.

அவர் முதலில் செய்வது பிரதி எடுப்பது. லினக்ஸில் `iptables-save` என்று கொடுத்து அப்போதைய விதிகளை ஒரு கோப்பில் வைத்துக்கொள்கிறார். எது கெட்டாலும் ஒரு நிமிடத்தில் பழையபடி ஆக்கிவிடலாம் என்று தெரிந்த பிறகு பயம் பாதி போய்விடும். அடுத்து, ஒவ்வொரு தடையும் எத்தனை முறை வேலை செய்திருக்கிறது என்று பார்க்கிறார்:

```
iptables -L INPUT -v -n --line-numbers
```

இதில் முதலில் வரிசை எண், அதையடுத்து அந்த விதியில் சிக்கிய தரவுகளின் எண்ணிக்கை. சர்வரை அணைத்துப் போட்டால் இந்தக் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும் என்பதால், ஒரு மாதம் ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு மாதத்துக்குப் பிறகு பட்டியல் தானாகவே மூன்றாகப் பிரிகிறது. முக்கால்வாசி தனித்தனி முகவரிகள். எப்போதோ ஒருவன் பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்க வந்தபோது யாரோ கோபத்தில் போட்டவை. எண்ணிக்கை பூஜ்யம். இவற்றை எடுத்துவிடலாம். வந்தவன் எப்போதோ வேறு முகவரிக்குப் போய்விட்டான். ஆனால் ‘பூஜ்யம் என்றால் யாருக்கும் தேவையில்லை’ என்று படிக்கக் கூடாது. தடுக்கப்பட்ட நல்ல மனிதர் இரண்டு முறை பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விடுவார், அதனாலும் கணக்கு பூஜ்யமாகும். எப்படிப் பார்த்தாலும் எடுப்பதே சரி.

இரண்டாவது குவியலில் பத்துப் பதினைந்து பெருந்தொகுதிகள். ஒவ்வொன்றிலும் 65,536 முகவரிகள், எல்லாம் வாடகை சர்வர் நிறுவனங்களுடையவை. எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறியிருக்கிறது. எண்ணிக்கை ஏறியிருப்பதால் தடை நன்றாக வேலை செய்கிறது என்று மகிழ்ந்துவிடுவது வழக்கம். அவர் அப்படிச் செய்யாமல், சிக்கியவை எந்தக் கதவைத் தட்டின என்று பதிவு எடுத்துப் பார்க்கிறார். மெயில் வரும் 25ஆம் கதவில் பாதிக்கு மேல். அந்த முகவரிகளின் இன்றைய உரிமையாளர் யார் என்று `whois` கட்டளையில் கேட்டால், ஒரு தொகுதி ஜெர்மன் வாடிக்கையாளர் புதிதாகப் போய்ச் சேர்ந்த ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயரைக் காட்டுகிறது. ஆர்டர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. இந்தத் தொகுதிகளுக்கு மெயில் கதவை மட்டும் திறந்துவிட்டு, வருவது ஸ்பேமா இல்லையா என்று தீர்மானிக்கும் வேலையை ஸ்பேம் வடிகட்டியிடம் விடுகிறார். ஒரு மனிதன் வருடக்கணக்கில் முன்பு செய்த ஊகத்தைவிட, வந்த மெயிலைப் படித்துப் பார்த்துத் தீர்மானிப்பது மேல்.

மூன்றாவது, நாடுவாரித் தடைகள். ரஷ்யா வேண்டாம், சீனா வேண்டாம், பிரேசில் வேண்டாம் என்று யாரோ ஒரே மூச்சில் போட்டவை. எந்த முகவரி எந்த நாட்டில் இருக்கிறது என்ற தரவும் பழையதாகிவிடும், முகவரிகள் நாடு விட்டு நாடு விற்கப்படுகின்றன. இங்கே சிக்கியவை பெரும்பாலும் 22ஆம் கதவில் பாஸ்வேர்டு ஊகிக்க வந்தவை. அந்தக் கதவு வெளியுலகுக்குத் திறந்திருக்கவே தேவையில்லை என்பதுதான் அவர் கண்டது. அதை வி.பி.என். வழியாக மட்டும் வரும்படி மாற்றியதும், அந்தத் தடைகளுக்கு இருந்த காரணமே போய்விட்டது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்கவில்லை. முப்பது முப்பதாக எடுத்து, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாள் பதிவுகளைக் கவனிக்கிறார். மொத்தமாக எடுத்த பிறகு தொல்லை வந்தால், எந்தத் தடையை எடுத்ததால் வந்தது என்று தெரியாமல், பயந்துபோய் முந்நூறையும் திரும்பப் போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டதை அதன்பின் யாரும் எடுக்கமாட்டார்கள்.

முழுத் தடையைவிட அரைத் தடைகளைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். சில முகவரிகளுக்கு வேகத்தைக் குறைத்து வைப்பது, மெயிலை ஒரு முறை திருப்பிவிட்டு மறுமுறை வந்தால் ஏற்பது, ‘நீங்கள் மனிதரா’ என்று படம் காட்டிக் கேட்பது எல்லாம் இந்த வகை. முழுக்கத் தடுத்தால் என்றாவது ஒருவர் போன் செய்வார். மெதுவாக வந்தால் ‘உங்கள் சைட் கொஞ்சம் ஸ்லோ சார்’ என்று சொல்லிவிட்டு விட்டுவிடுவார். ஆகவே இந்தப் பட்டியல்களை, புகார் வருகிறதா என்று காத்திராமல், தேதி வைத்துப் பார்க்க வேண்டும். விதிவிலக்குப் பட்டியலையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. வேலையை விட்டுப் போனவரின் வீட்டு முகவரி, ‘எதையும் கேட்காமல் உள்ளே விடு’ என்ற பட்டியலில் உட்கார்ந்திருப்பது சகஜம். அந்த முகவரி இப்போது யார் வீட்டில் இருக்கிறதோ!

எல்லாத் தடையும் கெட்டுப்போவதில்லை. 10, 127, 192.168 என்று தொடங்கும் முகவரிகள் உள்வேலைக்கென்றே ஒதுக்கப்பட்டவை. வெளியிலிருந்து அந்தப் பெயரில் எது வந்தாலும் பொய். அந்தத் தடைகளைத் தொடக் கூடாது. திருடப்பட்ட முகவரித் தொகுதிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹவுஸின் டிராப் பட்டியலும் நம்பகமானதுதான், ஆனால் தினமும் புதிதாக இறக்கிப் போடும்வரைதான். ஒரு முறை நகலெடுத்து ஒட்டினால் 69இன் கதை திரும்பவும் நடக்கும்.

புதிதாகப் போடும் தடைக்கு அப்போதே முடிவு நாள் வைத்துவிட்டால் இந்தச் சுத்தம் செய்யும் வேலையில் பெரும்பகுதி குறையும். பாஸ்வேர்டு ஊகிப்பவர்களைத் தானாகத் தடுக்கும் ஃபெயில்2பேன் என்ற மென்பொருள், நாம் மாற்றாவிட்டால் பத்தே நிமிடத்தில் தடையை எடுத்துவிடும். பத்து நிமிடம் போதுமா என்று சிரிக்கத் தோன்றும். கணக்கற்ற பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்க்க வேண்டிய எந்திரத்துக்கு, சில முறைக்கு ஒரு தடவை பத்து நிமிடம் காத்திருப்பது பெரிய தண்டனை. கையால் போடும் தடைக்கும் காரணம், தேதி, மறுபார்வை நாள் மூன்றையும் அதோடேயே எழுதிவிடலாம்:

```
iptables -A INPUT -s 203.0.113.45 -j DROP \
  -m comment --comment "2025-03-11 spam; review 2025-06-11"
```

இந்த ஒரு வரிக் குறிப்பு இருந்திருந்தால் திருப்பூர்ப் பெண் ஒரு மாதம் காத்திருந்திருக்க மாட்டார்.

நீங்கள் அட்மின் இல்லை, தடுக்கப்பட்ட பக்கத்தில் இருக்கிறீர்கள் என்றால் செய்யக்கூடியது இது. ஒரு தளம் திறக்கவில்லையென்றால் வைஃபையை அணைத்து செல்போன் டேட்டாவில் திறந்து பாருங்கள். ஒன்றில் திறந்து மற்றதில் திறக்கவில்லையென்றால், தளத்தில் பழுதில்லை, உங்கள் முகவரிக்கோ அந்த இணைப்புக்கோதான் சிக்கல் என்று பெரும்பாலும் சொல்லலாம். மெயில் திரும்பி வந்தால் அந்தத் திருப்புக் கடிதத்தை அழித்துவிடாதீர்கள். அதில் 550 என்று தொடங்கும் வரியில் எந்தப் பட்டியலில் உங்கள் முகவரி சிக்கியது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். அந்த வரியையும், திறக்காத இணைப்பில் உங்கள் பொது ஐ.பி. முகவரியையும், நடந்த நேரத்தையும் சேர்த்து அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள், அல்லது போனில் படித்துச் சொல்லுங்கள். ‘உங்கள் சைட் வரமாட்டேங்குது’ என்று மட்டும் சொன்னால் அவர்களால் எதையும் தேட முடியாது. இந்த மூன்றும் கையில் இருந்தால் சிக்கிய தடையைச் சில நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.